கேட்கப்படாத நான்காவது பெயர்: கீழக்கரைக் குடும்பம் ஒன்றின் மெனிங்கோகாக்கல் தடுப்பூசி நிகழ்வு ஆய்வு

கீழக்கரையைச் சேர்ந்த ஒரு குடும்பம், ஒரு மாதத்தின் 4ஆம் தேதி மாலை, மூன்று பேருக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும் என்று என்னிடம் வந்தது. 63 வயது தந்தையும் 58 வயது தாயும் மக்காவுக்கு உம்ராப் பயணம் புறப்பட இருந்தார்கள். 18 வயது மகள் சென்னையில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குச் செல்ல இருந்தாள். அவர்களை வண்டியில் அழைத்து வந்த 24 வயது மகன், தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது போல வாசலுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தான். அந்த மாலை முடியும்போது, கேட்கப்பட்ட மூவரில் இருவருக்கு ஊசி தேவை என்றும், ஒருத்திக்குத் தேவையில்லை என்றும், கேட்கப்படாத அந்த நான்காவது நபருக்கே அது எல்லாரையும் விட அவசியம் என்றும் தெளிவானது. அடையாளம் தெரியாமலிருக்கச் சிறு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருத்துவ முடிவுகளும் அவற்றின் காரணங்களும் நடந்தபடியே உள்ளன.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பேச்சு வழக்கில் "மூளைக்காய்ச்சல்" என்ற ஒரே சொல் பல நோய்களைக் குறிக்கிறது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு, காசநோயால் வருவது வேறு, இங்கே பேசப்படும் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது வேறு. இந்தக் கிருமி ஆரோக்கியமான மனிதர்களின் மூக்குக்குப் பின்னே, தொண்டையின் மேற்பகுதியில், எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஏதாவது ஒரு சமயத்தில் இதைச் சுமந்துகொண்டிருப்பார். பதின்வயதின் இறுதியில் இருப்பவர்களிடம் இந்த அளவு இன்னும் கூடும். இருமல், தும்மல், முத்தம், ஒரே அறையில் நெருங்கிப் படுப்பது ஆகியவற்றால் அது ஒரு தொண்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. சுமப்பவர்களில் மிகச் சிலருக்கு மட்டும், பெரும்பாலும் கிருமி புதிதாக வந்து ஒட்டிய சில நாட்களுக்குள், அது இரத்தத்தில் இறங்கி மூளையின் சவ்வுகளையோ முழு உடலையோ தாக்கும். அப்படித் தாக்கியபின், சரியான சிகிச்சை கிடைத்தும் பத்துப் பேரில் ஒருவராவது இறந்துவிடுகிறார். பிழைப்பவர்களிலும் சிலர் செவித்திறனையோ விரல்களையோ கால்களையோ இழக்கிறார்கள். அரிய நோய், ஆனால் மிக வேகமானது. இந்த இரண்டு தன்மைகளும் சேர்ந்திருப்பதால்தான் "யாருக்கு ஊசி" என்ற கேள்வி கடினமாகிறது.

கிருமியில் பல வகைகள் உண்டு. ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய ஆறும்தான் பெரும்பாலான நோயை உண்டாக்குகின்றன. நாம் இங்கே வழக்கமாகப் போடும் ஊசி அவற்றில் ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்குக்கு மட்டுமே எதிரானது.

தந்தையும் தாயும்

பெற்றோரின் விஷயத்தில் "தேவையா" என்ற விவாதத்துக்கே இடமில்லை. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ வரும், ஒரு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இந்த நான்கு வகை ஊசியைப் போட்டிருக்க வேண்டும் என்பது சவூதி அரசின் விதி. 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது ஏ வகைக் கிருமி பரவியது. அதன் பிறகு ஏ, சி என்ற இரு வகைகளுக்கான ஊசி கட்டாயமாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் டபிள்யூ வகை பரவியபோது அந்த ஊசி அதைத் தடுக்கவில்லை, ஏனெனில் டபிள்யூ அதில் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகே நான்கு வகை ஊசி விதியானது. 2024ஆம் ஆண்டின் முதற்பாதியில் உம்ரா சென்று திரும்பிய அமெரிக்க, பிரெஞ்சு, பிரிட்டிஷ் பயணிகளிடையே மீண்டும் இந்நோய் கண்டறியப்பட்டது. அதிலும் பெரும்பாலானது டபிள்யூ வகைதான், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்தாம். ஹஜ்ஜுக்கு அரசு வழியாகச் செல்வோருக்கு முகாமில் ஊசி போட்டு அட்டையும் கொடுத்துவிடுகிறார்கள். உம்ராவுக்குத் தனியார் பயண முகவர் மூலம் செல்வோரே பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

தந்தை தம் சட்டைப் பையிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி ஹஜ்ஜுக்குப் போட்டது டாக்டரம்மா, எனக்கு இது போதும்ல?" என்றார். அட்டையில் "மூளைக்காய்ச்சல் தடுப்பூசி" என்ற பொருளில் ஒரு வரியும் தேதியும் முத்திரையும் மட்டும் இருந்தன. எந்த வகை ஊசி என்ற குறிப்பு இல்லை. இந்த ஊசியில் இரு தலைமுறைகள் உள்ளன. பழையது கிருமியின் வெளிப்புறச் சர்க்கரைப் பூச்சை மட்டும் கொண்ட பாலிசாக்கரைடு ஊசி. அதன் சான்று மூன்று ஆண்டுகள் மட்டுமே செல்லும். புதியது அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த கான்ஜுகேட் ஊசி. அதன் சான்று ஐந்து ஆண்டுகள் செல்லும். அட்டையில் வகை எழுதப்படாவிட்டால் மூன்று ஆண்டுகள் என்றே கணக்கிடுவார்கள். எனவே நான்கு ஆண்டுகள் பழமையான அந்த அட்டை அவருக்குப் பயன்படவில்லை. அது கான்ஜுகேட் ஊசியாக இருந்து, ஒரு மருத்துவரோ செவிலியரோ அதன் பெயரையும் தொகுப்பு எண்ணையும் எழுத அரை நிமிடம் செலவிட்டிருந்தால், அவருக்கு இந்த முறை ஊசி தேவைப்பட்டிருக்காது. தாய்க்கு இதுவே முதல் முறை.

அடுத்து நாள் கணக்கு. சவூதி மண்ணில் இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் ஊசி போட்டிருக்க வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதே அதன் அடிப்படை. இவர்களுடைய விமானம் 13ஆம் தேதி. அன்றே போய் இறங்க வேண்டுமானால் 3ஆம் தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். அவர்கள் வந்ததோ 4ஆம் தேதி மாலை. மேலும் ஊசி என்னிடம் இருப்பில் இல்லை. மதுரையிலிருந்து வர வேண்டும், அது மறுநாள்தான் வரும். 5ஆம் தேதி போட்டால், 15ஆம் தேதிக்கு முன் அவர்கள் இறங்கக் கூடாது.

அவர்களுடைய பயண முகவர் தொலைபேசியில் எளிதாக ஒரு வழி சொன்னார்: அட்டையில் 2ஆம் தேதி என்று எழுதிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இன்னும் சற்றுப் பேசியபோது, சில பயணிகள் ஊசியே போடாமல் அட்டை மட்டும் வாங்கிச் செல்கிறார்கள் என்பதும் தெரிந்தது. நான் மறுத்தேன், காரணத்தையும் அந்தப் பெற்றோரிடம் விளக்கினேன். எதிர்ப்புச் சக்தி உருவாகாத நாட்களில், உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தவர்களோடு தோளோடு தோள் உரசிக் கஅபாவைச் சுற்றித் தவாஃப் செய்யும் உடலை, முன்தேதியிட்ட காகிதம் காக்காது. அந்தத் தாய் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இபாதத்துக்குப் போறோம், பொய்க் காயிதத்தோட போக வேணாங்க" என்று கணவரிடம் சொன்னார். கூடுதல் கட்டணம் செலுத்திப் பயணத்தை 16ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஊசி போடும் இடத்தில் நடக்கும் இரண்டு பிழைகளை இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் அவை அட்டையில் தெரியாது. நான் வரவழைத்த ஊசி இரண்டு குப்பிகளாக வருவது: ஒன்றில் ஏ வகைக்கான மருந்து பொடியாகவும், மற்றொன்றில் சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கான மருந்து நீர்மமாகவும் இருக்கும். நீர்மத்தை உறிஞ்சிப் பொடிக் குப்பியில் செலுத்திக் கலக்கிய பிறகே போட வேண்டும். அவசரத்தில் நீர்மத்தை மட்டும் போட்டுவிட்டுப் பொடியை ஒதுக்கிவைத்த தவறுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அப்படிப் போடப்பட்டவர் ஏ வகைக்கு எதிராக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அட்டையோடு வீடு திரும்புகிறார். நம் நாட்டின் பெரிய பரவல்களை உண்டாக்கியதோ அந்த ஏ வகைதான். போடுவதற்கு முன் இரு குப்பிகளையும் காட்டச் சொல்லிக் கேட்பது பயணியின் உரிமை. இரண்டாவது, குளிர் பராமரிப்பு. இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மதுரையிலிருந்து பேருந்தில் வரும் பெட்டியில், கடற்கரை வெயிலுக்குப் பயந்து, குப்பியைப் பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைத்து அனுப்புகிறார்கள். வெயிலுக்குச் செய்த முன்னெச்சரிக்கையே ஊசியைக் கெடுத்துவிடக்கூடும். இடையில் ஓர் அட்டைத் தடுப்பு வைக்கச் சொல்லித்தான் நான் வரவழைக்கிறேன்.

மருந்துக் கடைக்காரர் ஒரு தயக்கம் தெரிவித்தார்: உள்ளே இருந்த தாளில் 55 வயது வரை என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்த வரம்பு, உரிமத்துக்காக நடந்த ஆய்வுகள் அந்த வயதோடு நின்றதைக் காட்டுவது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி தீங்கு செய்யும் என்பதைக் காட்டுவதன்று. மூத்த பயணிகளுக்கும் கான்ஜுகேட் ஊசியையே போடுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. இருவருக்கும் 5ஆம் தேதி போட்டேன். கை வலியும் ஒரு நாள் உடல் வலியும் தவிர வேறொன்றும் இல்லை.

மகள்

மகளின் பெயரைப் பட்டியலில் சேர்த்தது உறவினர் ஒருவரின் சொல். அவருடைய பேரன் அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்தபோது இந்த ஊசி கட்டாயம் என்றார்களாம். ஆகவே விடுதிக்குச் செல்லும் எவருக்கும் இது தேவை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். பாதி உண்மை உள்ள முடிவு இது. 1998–99ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், விடுதியில் தங்கிய முதலாண்டு மாணவர்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ 5 பேருக்கு இந்நோய் வந்தது. எல்லா இளநிலை மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தால் லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. வெவ்வேறு ஊர்களின் தொண்டைகள் ஒரே கட்டடத்தில் முதன்முறையாகச் சேரும் அந்த முதல் மாதங்களில், ஒருவர் சுமந்து வந்த வகை அதை முன்பு சந்தித்திராத மற்றொருவரிடம் போய்ச் சேருகிறது என்பதே விளக்கம். அங்கே நோய் தொடர்ந்து இருந்ததால் 11, 12 வயதில் ஒரு டோசும் 16 வயதில் மறு டோசும் போடும் நடைமுறை வந்தது. பிரிட்டனில் டபிள்யூ வகை பெருகியபின் 2015 முதல் பள்ளி வயதிலேயே நான்கு வகை ஊசி போடப்படுகிறது.

நம் நாட்டின் நிலை வேறு. தில்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் மேகாலயாவிலும் திரிபுராவிலும் ஏ வகை பரவியிருக்கிறது. பரவல் நேரும்போது கடுமையாக நேர்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்நோய் அரிது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்கவில்லை. உடல்நிலையால் ஆபத்து உள்ளவர்கள், ஹஜ் பயணிகள், இந்நோய் உள்ள நாடுகளுக்குப் படிக்கச் செல்வோர் என்று குறிப்பிட்டவர்களுக்கே பரிந்துரைக்கிறது. ஆகவே கீழக்கரையிலிருந்து சென்னை விடுதிக்குச் செல்லும் ஆரோக்கியமான பெண்ணுக்கு இது தேவையில்லை என்று சொன்னேன். அவள் லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ செல்பவளாக இருந்தால் என் பதில் அதே நிமிடத்தில் மாறியிருக்கும்.

தாய் சமாதானமடையவில்லை. "போட்டா நல்லதுதானே, தப்பில்லையே?" என்று கேட்டார். தப்பில்லைதான், ஊசி பாதுகாப்பானது. ஆனால் ஒரு டோஸ் சில ஆயிரம் ரூபாய். அந்தப் பெண்ணுக்கு டைபாய்டு கான்ஜுகேட் ஊசியும் மஞ்சள் காமாலை ஏ வகைக்கான ஊசியும் போடப்பட்டதில்லை. சின்னம்மை வந்ததும் இல்லை, அதற்கு ஊசி போட்டதும் இல்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் அவள் உண்மையில் சந்திக்கக்கூடியவை இவை. கையில் உள்ள பணத்தை எந்த ஊசிக்கு முதலில் செலவிடுவது என்று கேட்டால், எனக்கு இதில் ஐயமே இல்லை. அவர்களும் அப்படியே செய்தார்கள்.

அவளிடம் தனியாக ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன், ஏனெனில் ஊசி போட்டிருந்தாலும் பி, எக்ஸ் வகைகளுக்கு அது உதவாது. அறைத் தோழி ஒருத்திக்குக் கடும் காய்ச்சலோடு கால் வலியும், கை கால்கள் சில்லிட்டுப்போவதும், வாந்தியும், குழப்பமான பேச்சும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. கழுத்து விறைப்புப் பிந்தியும் வரலாம், வராமலும் போகலாம். தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றினால் கண்ணாடித் தம்ளரை அதன்மேல் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியும் மறையாவிட்டால் அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். நம்முடைய கருத்த தோலில் இப்புள்ளிகள் எளிதில் தெரியா. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். ஒருத்திக்கு இந்நோய் உறுதியானால், ஒரே அறையில் உறங்கியவர்களுக்கு அன்றே, இயன்றால் 24 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 500 மி.கி. சிப்ரோஃப்ளாக்சசின் ஒரே ஒரு வேளை போதும். அந்தச் சமயத்தில் உடனடிக் காப்பு அந்த மாத்திரைதான். ஊசி வேலை செய்யத் தொடங்கவே ஒரு வாரம் ஆகிவிடும்.

மகன்

மகளின் கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். தாய் வாசலைக் காட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வாகன விபத்து. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவசர அறுவை சிகிச்சை செய்து மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய சிகிச்சை அது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, தடுப்பூசி பற்றி ஒரு வரியும் இல்லை. திட்டமிட்ட அறுவையானால் இரண்டு வாரங்களுக்கு முன்பும், அவசர அறுவையானால் இரண்டு வாரங்களுக்குப் பின்பும் போட்டிருக்க வேண்டிய ஊசிகள் அவனுக்கு இரண்டு ஆண்டுகளாகப் போடப்படவில்லை.

மெனிங்கோகாக்கஸ், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி எனப்படும் ஹிப் ஆகிய மூன்றும் சர்க்கரைப் பூச்சு அணிந்த கிருமிகள். அந்தப் பூச்சு அவற்றை வெள்ளணுக்களிடமிருந்து நழுவச் செய்கிறது. இரத்தத்தில் சுற்றும் அத்தகைய கிருமிகளை வடிகட்டிப் பிடிப்பது மண்ணீரலின் வேலை. அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் இரத்தத் தொற்றாக மாறக்கூடும், அந்த ஆபத்து ஆயுள் முழுதும் நீடிக்கும். மேலும், 2000ஆம் ஆண்டுப் பரவலில் பயணிகள் மட்டுமன்றி, அவர்கள் திரும்பி வந்த வீடுகளில் இருந்தவர்களும் நோயுற்றார்கள். இந்த வீட்டுக்கு மக்காவிலிருந்து இருவர் திரும்பி வரப்போகிறார்கள். அவர்கள் அணைத்துக்கொள்ளப்போவது மண்ணீரல் இல்லாத மகனை. பாலிசாக்கரைடு ஊசி, போட்டவரின் தொண்டையில் கிருமி தங்குவதைத் தடுப்பதில்லை. பெற்றோருக்குக் கான்ஜுகேட் ஊசியையே தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பயணிக்கு ஒரு டோஸ் போதும். மண்ணீரல் இல்லாதவருக்கு எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை, பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு டோஸ். இவனுக்கு மெனிங்கோகாக்கஸை விட அடிக்கடி வரக்கூடிய எதிரி நிமோகாக்கஸ் என்பதால், 5ஆம் தேதி நிமோகாக்கல் கான்ஜுகேட் ஊசியை ஒரு கையிலும் மெனிங்கோகாக்கலை மறு கையிலும் போட்டு, ஹிப் ஊசியையும் சேர்த்தேன். மெனிங்கோகாக்கல் ஊசியில் டிப்தீரியா டாக்சாய்டை இணைப்புப் புரதமாகக் கொண்ட வகை ஒன்று உண்டு. அதுவாக இருந்தால் நிமோகாக்கலின் பலனைக் குறைக்கும் என்பதால் நான்கு வாரம் தள்ளிப் போட வேண்டியிருக்கும். எட்டு வாரம் கழித்து மெனிங்கோகாக்கல் இரண்டாம் டோசும் 23 வகை நிமோகாக்கல் ஊசியும் போட நாள் குறித்தேன். பி வகைக்கான ஊசியும் இவனுக்குப் பொருத்தமானதுதான்; எங்கள் பகுதி மருந்துக் கடைகளில் அதை நான் பார்த்ததில்லை. பி வகைக்கு எதிரான பாதுகாப்பு இல்லாததால், ஊசி போட்டாலும் காய்ச்சலை அவன் அலட்சியம் செய்ய முடியாது. "மண்ணீரல் நீக்கப்பட்டவர், காய்ச்சல் என்றால் உடனே நரம்பு வழி ஆன்டிபயாடிக் தேவை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டையைப் பணப்பையில் வைக்கச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், இதையெல்லாம் கேள்விப்பட்டு, அடுத்த வாரம் வந்தார். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் சென்று அக்னி தீர்த்தத்தில் நீராடி, பிறகு காசிக்கும் செல்ல இருந்தார். கூட்டம்தானே, தனக்கும் வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். மக்காவில் கூட்டத்தின் அளவு மட்டுமே காரணமன்று. செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்க மூளைக்காய்ச்சல் நாடுகளிலிருந்து வருவோரும் உலகின் மற்றப் பகுதிகளிலிருந்து வருவோரும் பல நாட்கள் ஒரே அறைகளில் தங்குகிறார்கள். அங்கே பரவல் நேர்ந்ததற்கான பதிவுகளும் உள்ளன. ராமேஸ்வரக் கடற்கரையில் சில மணி நேரம் நெருங்கி நிற்கும் கூட்டம் அப்படிப்பட்டதன்று. செல்லும் ஊரில் பரவல் இருப்பதாக அரசு அறிவித்தால் மட்டும் மீண்டும் வரச் சொன்னேன். சர்க்கரை நோயும் 70 வயதும் உள்ள அவருக்கு நிமோகாக்கல் ஊசியும் ஃப்ளூ ஊசியும் போட வேண்டியிருந்தது, போட்டேன்.

பெற்றோர் நலமாகத் திரும்பினார்கள். அவர்கள் வந்த ஆறாம் நாள் இரவு மகனுக்கு 102 டிகிரி காய்ச்சல். அவன் எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, காத்திராமல் ராமநாதபுரம் சென்று மருத்துவமனையில் அந்த அட்டையைக் காட்டினான். இரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தினார்கள். இரண்டு நாட்களில் இரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை என்று தெரிந்தது. வைரஸ் காய்ச்சலாகவே இருந்திருக்க வேண்டும். எட்டாம் வாரத்தில் அவன் தனியாகவே வந்து இரண்டாம் டோசைப் போட்டுக்கொண்டான். அட்டையில் ஊசியின் பெயரையும் தொகுப்பு எண்ணையும் அடுத்த ஐந்தாம் ஆண்டின் மாதத்தையும் எழுதினேன். அவன் அதை வாங்கிச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தான்.